வானத்தைப் பார்க்கும் முகம்

(திசையன்விளையில், தசராவுக்குச் சில வாரங்கள் முன்பு வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ஆப்பிரிக்க முகமூடிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இதைப் பெரிய நகரங்களில் பேசும்போது பாதி நேரம் வேஷம் கட்டுவது என்றால் என்ன என்று விளக்குவதிலேயே போய்விடும். இங்கே அந்தக் கவலை இல்லை. உவரியும் பெரியதாழையும் மணப்பாடும் தாண்டினால் குலசேகரன்பட்டினம். இந்தக் கூட்டத்திலேயே மாலை போட்டு விரதத்தில் இருப்பவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். செருப்பில்லாத கால்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

நைஜீரியாவின் தென்கோடியில் நைஜர் ஆறு கடலில் கலக்கும் இடம் முழுக்க உப்பாறுகளும் அலையாத்திக் காடுகளும்தான். அந்தச் சதுப்புக்குள் புகுமா, அபொன்னெமா, பகானா என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் கலபாரி மக்கள். மீன்பிடிப்பும் தோணி வணிகமும் அவர்களுடைய பழைய தொழில். உப்பாற்றின் அடியில் தங்களைப் போலவே ஊர் கட்டி வாழும் நீர்வாழ் தெய்வங்கள் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தத் தெய்வங்களில் ஒன்று ஒட்டோபோ. நீர்யானை வடிவம். அதற்கான முகமூடி மரத்தில் செதுக்கியது. அகன்ற முகவாய், வெளியே நீட்டிய கோரைப் பற்கள், குழாய்போலத் துருத்திய கண்கள். நீர்யானையின் மூக்கும் மனிதனின் முகமும் ஒன்றில் ஒன்று புகுந்தது மாதிரி இருக்கும்.

இந்த வகை நீர்த்தெய்வ முகமூடிகள் ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றில் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு இரும்புத் தண்டில் பொருத்தி, செங்குத்தாக நிறுத்தி, முகம் நம்மைப் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு சிறு அட்டை: கலபாரி, மரம், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம். பார்ப்பவர் எதிரே நின்று, அது தன்னை முறைப்பதாக நினைத்து, படமெடுத்துக்கொண்டு போவார்.

அது யாரையும் முறைப்பதற்காகச் செய்தது அல்ல. ஆடுபவர் அதை முகத்தில் மாட்டுவதே இல்லை. உச்சந்தலையில் கிடையாக வைத்துக் கட்டுகிறார். செதுக்கிய முகம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். கீழே நிற்கும் கூட்டத்துக்குத் தெரிவது அதன் விளிம்பும் பல்லும் மட்டும்தான். அதையும் சுற்றிக் கட்டிய துணி பாதி மறைத்துவிடும். இவ்வளவு உழைத்துச் செதுக்கிய முகத்தை ஊர் மக்கள் யாரும் நேராகப் பார்ப்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும்போது நாம் பார்க்கும் அந்த நேர்முகக் காட்சி, அந்த முகமூடியின் வாழ்நாளில் செதுக்கிய தச்சருக்கும் ஆட்டத்தை நடத்தும் சங்கத்து ஆட்களுக்கும் மட்டும் கிடைத்திருக்கக் கூடியது.

பிறகு யார் பார்க்க? ராபின் ஹார்ட்டன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் கலபாரி மக்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்து, 1965இல் கலபாரிச் சிற்பங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் சொல்லும் விளக்கம் நமக்கு எளிதில் பிடிபடும். அந்தச் சிற்பம் தெய்வத்தை அழைத்து இருத்துவதற்கான இடம். தெய்வம் தன்னுடையது என்று அடையாளம் கண்டு வந்து அமர வேண்டும். ஆகவே முந்தைய முகமூடி போலவே புதியதும் இருக்க வேண்டும். ஆள் பார்த்து மெச்சுவதற்கு அதில் எதுவும் இல்லை. கலபாரி மக்கள் சிற்பத்தின் அழகைப் பற்றிப் பேசிக்கொள்வதே அரிது. பல சிற்பங்களை அச்சத்தோடுதான் பார்ப்பார்கள் என்கிறார் ஹார்ட்டன். அவர்கள் விடிய விடியப் பேசுவது ஆட்டத்தைப் பற்றி. யார் காலில் தாளம் நின்றது, யார் பிசகினான் என்பதைப் பற்றி.

இந்த ஆட்டங்களை நடத்தும் ஆண்களின் சங்கத்துக்கு எக்கினே என்று பெயர். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. எக்கினேபா என்ற அழகியை நீர்வாழ் தெய்வங்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அந்தத் தெய்வங்களின் தாய் கோபப்பட்டு அவளைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். அனுப்புமுன் ஒவ்வொரு தெய்வமும் தன் ஆட்டத்தை அவளுக்கு ஆடிக் காட்டியது. அவள் ஊருக்கு வந்து அவற்றைக் கற்றுக்கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: ஆட்டம் தொடங்கும்போது முரசில் முதல் அடி அவள் கையால்தான் விழ வேண்டும். இளவட்டங்கள் பொறுக்காமல் அவளுக்கு முன்னால் முரசைத் தட்டினார்கள். மூன்றாவது முறையும் அப்படியே நடந்தபோது நீர்த்தெய்வங்கள் அவளை மறுபடி கொண்டுபோய்விட்டன. அதற்குப் பிறகு ஆண்களே ஆட்டத்தை எடுத்து நடத்தினார்கள்; அவள் சங்கத்தின் காவல் தெய்வமானாள். பெண்ணிடமிருந்து வந்த ஆட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்பதற்கு அவர்களே சொல்லும் கணக்கு இது. ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் அந்த இளவட்டங்களின் அவசரத்துக்கு அவளைத் தண்டித்தது நியாயமாகப் படவில்லை.

ஆட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். குலசை தெரிந்தவர்கள் மனதுக்குள்ளேயே ஒப்பிட்டுக்கொண்டு வாருங்கள்.

பருவத்தின் தொடக்கத்தில் சங்கத்தார் தோணியில் ஏறி உப்பாற்றில் ஒரு குறிப்பிட்ட துறைக்குப் போகிறார்கள். நீர்த்தெய்வங்களின் துறை அது. அங்கே நின்று ஊருக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஊருக்குள் ஆட்டங்கள் வரிசையாக வருகின்றன. முப்பது, நாற்பது ஆட்டங்கள் கொண்ட பெரிய சுற்று அது. முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி முகமூடி, தனி முரசு, தனி உடை. ஆட்டத்துக்கு முன் முகமூடிக்குப் படையல் உண்டு. சுற்றின் கடைசியில் எல்லா வேஷங்களும் ஒன்றாக வந்து ஆடி, பிறகு துறைக்குப் போய், முகமூடியைக் களைந்து தண்ணீரில் முழுகி எழுகிறார்கள். தெய்வங்கள் திரும்பிப் போய்விட்டன. முகமூடி மறுபடி மரம்.

சில ஆட்டங்களில் நடுவில் ஒரு சோதனை உண்டு. முரசு அடிப்பவர் முரசின் மொழியிலேயே ஊர்த்தெய்வங்களின் பெயரைச் சொல்வார். நம் வில்லுப்பாட்டுக்காரர் வரத்து பாடுவது போல ஒன்றன்பின் ஒன்றாக. ஆடுபவர் அந்தப் பெயரைக் காதால் வாங்கி, அந்தக் கோவில் இருக்கும் திசையைக் கையால் சுட்ட வேண்டும். முகம் முழுக்கத் துணி. தலையில் மரம். கால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றைத் தவறாகச் சுட்டிவிட்டால் அவமானம், ஊர் மறக்காது. ஆக முகமூடி என்பது அந்த ஊரின் வரைபடத்தோடு கட்டப்பட்ட ஒன்று. எந்தக் கோவில் எந்தத் திசையில் என்று தெரிந்த ஒருவர் தலையில்தான் அது உட்கார முடியும். லண்டனில் ஒரு கூடத்தில் நிறுத்தினால் அது எந்தத் திசையைச் சுட்டும்?

தெய்வம் ஆடுபவர் மேல் வருமா என்றால், வரலாம். ஆனால் வேஷம் கட்டியதுமே வந்துவிடாது. ஆட்டம் சரியாக அமைந்தால் அது அவரோடு சேர்ந்து நடக்கிறது என்பது கலபாரி மக்களின் கணிப்பு. நம் குலசையிலும் இந்த நுணுக்கம் உண்டு. காளி வேஷத்துக்கான தகரக் கைகளையும் சடைமுடியையும் கிரீடத்தையும் கடையில் வாங்குகிறோம். கடையில் தொங்கும்போது அதைக் கும்பிடுவார் யாருமில்லை. பேரம் பேசுகிறோம், பெயின்ட் உதிர்ந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிறோம். கடலில் குளித்து மாலை போட்டு, குடிலில் தங்கி ஒருவேளைச் சோறு உண்டு, கொடியேற்றத்துக்குப் பின் கோவிலில் காப்புக் கட்டி, பிறகு அதே தகரக் கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவர் தெருவில் வந்தால், அவரைப் பெற்ற தாயே எதிரே நின்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருநீறு வாங்குவாள். தட்டில் காணிக்கை போடுவாள். அருள்வாக்குக் கேட்பாள். சூரசம்ஹாரம் முடிந்து காப்புக் களைந்ததும் அந்தக் கை மறுபடி தகரம். பரண்மேல் போகும், அல்லது அடுத்த வருஷத்துக்கு வேறொருவருக்குப் போகும்.

இந்த ஏறி இறங்கும் தன்மையைத்தான் அருங்காட்சியகத்தால் காட்ட முடிவதில்லை. அங்கே ஒரு பொருள் எப்போதும் ஒரே நிலையில் இருந்தாக வேண்டும். புனிதப் பொருள் என்று அட்டை எழுதினால் எந்நேரமும் புனிதம். கலைப்பொருள் என்று எழுதினால் எந்நேரமும் கலை. காலை பத்து மணிக்குத் திறந்து மாலை பூட்டும் கூடத்தில், இன்றைக்கு இது வெறும் மரம், வரும் மாதம் வேறு என்று சொல்ல வழியே இல்லை.

இன்னொன்றும் இழக்கப்படுகிறது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பார்ப்பவரின் கடமை. காளி வேஷக்காரர் வாசலில் வந்து நின்றால் நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு ரூபாயாவது போட வேண்டும், குழந்தையைத் தூக்கிவந்து நெற்றியைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எதையாவது செய்தாக வேண்டும். கலபாரி ஊரிலும் அப்படித்தான். வேஷம் துரத்தினால் இளைஞர்கள் ஓட வேண்டும். பெண்கள் குறிப்பிட்ட தூரத்தில் நிற்க வேண்டும். சங்கத்தான் அருகில் வரலாம். யார், எங்கே, எவ்வளவு தூரத்தில் என்பதுதான் அங்கே சடங்கின் பாதி. அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு வாங்கியவர் யாராக இருந்தாலும், எந்நேரமும், எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம். பதிலுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இனி துணிக்கு வருவோம். இதில் நம் சங்கதியும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கலபாரி வேஷத்தில் மரம் கொஞ்சம், துணிதான் மிகுதி. உச்சந்தலை மரத்துக்குக் கீழே கால்வரை துணி. அந்தத் துணிகளில் அவர்கள் மிக உயர்வாக மதிப்பது கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தித் துணி ஒன்றை. இஞ்சிரி என்று அவர்கள் பேச்சில் சொல்வார்கள். அது நெய்யப்பட்டது சென்னையைச் சுற்றியும் ஆந்திரக் கடற்கரையிலும். மெட்ராஸ் கைக்குட்டை என்று வணிகப் பெயர். ஆங்கிலேயக் கப்பல்கள் அதைச் சோழமண்டலக் கரையிலிருந்து எடுத்துப்போய் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறக்கின. பதிலுக்கு ஒரு காலத்தில் அவை ஏற்றியது மனிதர்களை. பழைய கலபாரித் துறைமுகம் அடிமை வணிகத்துக்குப் பேர்போனது. பின்னால் பனையெண்ணெய் வணிகம். அவர்கள் பனை வேறு, நம் பனை வேறு. சிவந்த எண்ணெய் தரும் பனை அது.

துணியை வந்தபடியே அவர்கள் உடுத்தவில்லை. கலபாரிப் பெண்கள் கட்டத்துணியில் சில நூல்களை ஊசியால் தூக்கி, சவர அலகால் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். நூல் போன இடத்தில் வலைபோல ஒரு புதுக் கோலம் தெரியும். அதற்குப் பெலெட்டே பைட் என்று பெயர். நம் நெசவாளர் ஊடும் பாவுமாகச் சேர்த்ததை அவர்கள் எண்ணி எண்ணிக் கழித்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். குடும்பத்தின் பழந்துணிகள் பெட்டியில் பூட்டியிருக்கும். சாவுச் சடங்கில் இறந்தவரைக் கிடத்தும் அறையை அவற்றால் அலங்கரிப்பார்கள். வேஷம் கட்டும்போதும் அவை வெளியே வரும். ஆகவே ஆண்கள் மட்டுமே ஆடும் அந்த ஆட்டத்தில், கூட்டத்தின் கண்ணுக்கு மிகுதியும் தெரிவது பெண்கள் பாதுகாத்த, பெண்கள் கையால் அறுத்தெடுத்த துணி. யார் வீட்டுத் துணி என்று பார்த்தவுடன் ஊருக்குத் தெரியும். வானத்தைப் பார்க்கும் மரம் தெய்வத்துக்கு, துணி ஊருக்கு.

சரி, அந்தத் துணி மியூசியத்தில் எங்கே? பெரும்பாலான இடங்களில் இல்லை. காரணங்கள் சாதாரணமானவை. துணியும் நாரும் பூச்சி பிடிக்கும், பெட்டியில் இடத்தை அடைக்கும். குடும்பத்தார் துணியை விற்க மாட்டார்கள். மரத்தை வேண்டுமானால் புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம். பிறகு பாரிசிலும் நியூயார்க்கிலும் வாங்குபவருக்கு ஒரு ரசனை இருந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஓவியர்கள் ஆப்பிரிக்க மரச்சிற்பத்தில் தங்கள் புதிய கலைக்கு வழி கண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது வடிவம். வணிகர்கள் அதற்கேற்ப நாரையும் இறகையும் கந்தலையும் பிய்த்துப்போட்டு, மரத்தைத் துடைத்து, மெழுகு பூசிப் பளபளப்பாக்கி விற்றார்கள். 1935இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஆப்பிரிக்கக் கலைக்கென ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. வெறும் சுவர், நல்ல வெளிச்சம், தனித்தனி மேடை. வாக்கர் எவன்ஸ் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் அந்தப் பொருட்களை நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். அந்தப் படங்கள் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் போயின. அமெரிக்கர்கள் பலருக்கு ஆப்பிரிக்க முகமூடி என்றால் சாம்பல் நிறப் பின்னணியில் மிதக்கும் ஒரு தலை என்று பதிந்ததில் அவற்றுக்கும் பங்குண்டு. படங்கள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் காளி வேஷத்தில் கிரீடத்தை மட்டும் கழற்றி எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு குலசை தசரா என்று எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

புகுமாவில் 1958இல் பிறந்து லண்டனில் வாழும் சொகாரி டக்ளஸ் கேம்ப் என்ற சிற்பி இதற்குத் தன் கையால் ஒரு பதில் சொன்னார். அவர் எஃகில் வேலை செய்பவர். 1995இல் லண்டனில் மனிதகுல அருங்காட்சியகம் என்று பிரிட்டிஷ் மியூசியத்தின் கிளை ஒன்று இருந்தது. அங்கே கலபாரி வேஷங்களை உச்சி முதல் பாதம் வரை எஃகில் வடித்து ஒரு கண்காட்சி வைத்தார். ஒட்டோபோவும் அதில் ஒன்று. முகமூடி அதற்குரிய இடத்தில், தலைக்கு மேலே. கீழே உடல், துணியின் மடிப்பு, கால். அந்த ஒட்டோபோவைப் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிவைத்திருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஊரில் பெண் என்பதால் அவர் அந்த வேஷத்தைக் கட்ட முடியாது. சங்கத்தில் சேர முடியாது. எட்ட நின்று பார்த்த ஒரு பெண்தான், ஆட்டம் முழுதாக எப்படி இருக்கும் என்று லண்டனுக்குக் காட்டினார். அது பொருத்தம் என்றே நினைக்கிறேன். ஆடுபவருக்கு உள்ளே துணி இருட்டு. வேஷம் முழுதாகத் தெரிவது வெளியே நிற்பவருக்குத்தான்.

ஒட்டோபோ ஊரே கூடிப் பார்க்கும் வேஷம். இதற்கு நேர்மாறாக, பார்க்கவே கூடாத பொருட்களும் உண்டு. இன்றைய மாலி நாட்டில் பாம்பரா மக்களிடையே கோமோ, கோனோ என்று ரகசியச் சங்கங்கள் இருக்கின்றன. கோமோ முகமூடியில் கொம்பும் முள்ளும் இறகும் பொருத்தி, பலியிட்ட இரத்தமும் இன்னும் பலவும் அப்பி அப்பி மேல்தோடு ஒன்று வளர்ந்திருக்கும். தீட்சை பெறாதவரும் பெண்களும் பார்த்தால் ஆபத்து. 1931 செப்டம்பர் 6ஆம் நாள், டாக்கரிலிருந்து ஜிபூட்டிவரை போன பிரெஞ்சு ஆய்வுக் குழு கெமெனி என்ற ஊரில் ஒரு கோனோ குடிசையை அடைந்தது. உள்ளே இருந்த பலிப் பொருளைக் கொடு, பத்து பிராங்க் தருகிறோம், இல்லாவிட்டால் போலீஸ் வரும் என்று மிரட்டினார்கள். ஊரார் யாரும் அதைத் தொட முன்வரவில்லை. குழுவினரே நுழைந்து எடுத்தார்கள். குழுவின் செயலராக இருந்த மிஷேல் லெய்ரிஸ் என்ற எழுத்தாளர் இதை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதி 1934இல் அச்சிட்டார். அதனால்தான் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரியும். அந்தக் குழு சேகரித்த பொருட்கள் இப்போது பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இங்கே மியூசியம் செய்தது வேறு வகைச் சேதம். ஒட்டோபோவைச் செங்குத்தாக நிறுத்தியதால் அதன் அசைவு போனது. கோமோ, கோனோ பொருட்களை வெளிச்சத்தில் வைத்ததாலேயே அவற்றின் பொருள் போனது. மறைவுதான் அங்கே பொருள். முதல் வகைக்கு நல்ல காணொளி, முழு உடை, முரசின் ஒலி என்று ஓரளவு ஈடு செய்யலாம். இரண்டாம் வகைக்குக் காட்சிக்கூடத்தில் எந்த ஈடும் கிடையாது. எவ்வளவு நேர்த்தியாகக் காட்டுகிறோமோ அவ்வளவு கெடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? இரண்டு இடைஞ்சல்களைச் சொல்ல வேண்டும்.

கலபாரிப் பகுதியில் 1915, 16 வாக்கில் கேரிக் பிரெய்டு என்ற கிறிஸ்தவப் போதகரின் இயக்கம் பெரும் அலையாக எழுந்தது. அவரும் கலபாரிக்காரர்தான். மக்கள் தாங்களாகவே வீட்டுத் தெய்வங்களையும் முன்னோர் சிற்பங்களையும் உடைத்தார்கள், எரித்தார்கள். டால்பட் என்ற ஆங்கிலேய அதிகாரி சில முன்னோர் சிற்பப் பலகைகளை வாங்கி 1916இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். அனுப்பியிருக்காவிட்டால் அவையும் நெருப்புக்குப் போயிருக்கும். ஆட்சியதிகாரம் கையில் இருந்ததால்தான் அவரால் வாங்க முடிந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்றது நஞ்சு. பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய அருங்காட்சியகங்கள் பல, நாரும் தோலும் இறகும் உள்ள பொருட்களில் ஆர்செனிக் தடவின. பின்னால் டிடிடி போன்ற மருந்துகள் வந்தன. அமெரிக்கப் பழங்குடிகளிடம் திரும்பிய சில சடங்குப் பொருட்களில் இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. தலையில் வைத்து வியர்வையோடு ஆட வேண்டியதை இனி யாரும் தலையில் வைக்க முடியாது. பெட்டிக்குள் காப்பாற்றியதே அதன் தொழிலை முடித்துவிட்டது.

என்றாவது நீங்கள் இப்படி ஒரு கூடத்துக்குப் போக நேர்ந்தால், அட்டையைப் படிப்பதற்குமுன் பொருளின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெட்டியைச் சுற்றி வர இடம் விட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். ஆள் பார்ப்பதற்குக் கண்துளை இருக்கிறதா? இல்லையென்றால் அது பெரும்பாலும் முகத்துக்கு உரியது அல்ல, தலைக்கு மேல் வைத்தது. அடிப்பக்கம் குழிவாகத் தொப்பிபோல இருந்தால் ஐயமே வேண்டாம். மனதுக்குள் அதைக் கிடத்திப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் அங்கே துணியோ நாரோ கோத்திருந்தது. துளைக்குள் நூல் மிச்சம் இல்லாமல் சுத்தமாக இருந்தால் யாரோ விற்பதற்காகப் பிய்த்திருக்கலாம். உள்பக்கம் வியர்வையும் உராய்வும் பட்டு வழவழப்பாகக் கறுத்திருந்தால் அது ஆடிய முகமூடி. உள்ளே உளித்தடம் கூர்மையாகப் புதிதுபோல் நின்று, வெளியே மட்டும் பழைமை தெரிந்தால், சுற்றுலாக்காரருக்கென்று செய்து புகைபோட்டது என்று சந்தேகப்படலாம். இதில் கேவலம் ஒன்றுமில்லை, தச்சரும் பிழைக்க வேண்டும். ஆனால் அட்டையில் பழஞ்சடங்குப் பொருள் என்று போட்டிருந்தால் அது பொய்.

கடைசியாக, நம் வீட்டுக் காரியம் ஒன்று. குலசை வேஷங்களைப் படமெடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல கேமரா, நல்ல படம். பத்து நாளில் பத்தாயிரம் முகம் எடுத்துவிடுகிறார்கள். எல்லாம் நேர்முகம், கண்ணில் மை, பல்லில் வெளிச்சம். நியூயார்க்கில் 1935இல் நடந்ததை நம் பிள்ளைகள் கைபேசியில் செய்துகொண்டிருக்கிறார்கள். படமெடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, சொன்னாலும் நடக்காது. கல்லூரியில் படிக்கும் தம்பிமார்கள் படத்தோடு சேர்த்து ஒரு நோட்டுப்புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேஷம் எந்த நேர்த்திக்காக, எத்தனையாவது வருஷம், எந்தக் குழுவில், விரதத்தில் சோறு பொங்கிக் கொடுத்தது யார், எந்தெந்த ஊரில் காணிக்கைக்குப் போனார்கள், மேளத்தில் எந்த அடிக்குச் சாமி இறங்கியது, யார் தாங்கிப் பிடித்தார்கள் என்று எழுதுங்கள். பெண்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் பாதி விவரம் தெரியும். சூரசம்ஹாரத்தில் சூரனுக்குத் தலை மாற்றுகிறார்களே, அந்தத் தலைகளைச் செய்தது யார், எதில் செய்தது, விழா முடிந்தால் எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தகரக் கை எந்தக் கடையில் வாங்கியது, என்ன விலை, யார் பெயின்ட் அடித்தது என்பதையும் விடாதீர்கள். சொல்லக் கூடாதது என்று யாராவது எதையாவது மறுத்தால், மறுத்தார்கள் என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மைக்கைத் தம்பிகளிடம் கொடுக்கிறேன். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். மாலை போட்டிருக்கும் அண்ணாச்சிமார்கள் நான் குலசையைப் பற்றிச் சொன்னதில் பிசகு இருந்தால் முதலில் அதைத் திருத்திவிடுங்கள்.